பட்டனை விட்டதும் எஸ்.சி.ஆர். அணைந்துவிடுகிறது

"வியாசர்பாடியில் சின்ன கடை சார். 12 வோல்ட் பேட்டரி, 12 ஆம்பியர் எஸ்.சி.ஆர்., ஒரே ஒரு எல்.இ.டி. கேட் பட்டனை அழுத்தினா எரியுது, விட்டா அணையுது. எஸ்.சி.ஆர். போச்சா?"

போகவில்லை, லோடு போதவில்லை. எல்.இ.டி. இழுப்பது சுமார் 20 மில்லிஆம்பியர். இந்த அளவு எஸ்.சி.ஆருக்கு லாச்சிங் கரண்ட் பல பத்து மில்லிஆம்பியர் இருக்கும். கேட்டை விடும்போது ஆனோடு கரண்ட் அதைத் தாண்டியிருக்க வேண்டும்.

எல்.இ.டி.யும் அதன் ரெசிஸ்டரும் சேர்ந்த தொடருக்கு இணையாக 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். 110 மில்லிஆம்பியர் கூடுதலாக ஓடும். பட்டனை விட்டாலும் எரிந்தால் காரணம் அதுவேதான்.

அடுத்து அணைப்பது. ஹோல்டிங் கரண்ட் லாச்சிங்கைவிடக் குறைவு. கரண்ட் அதற்கும் கீழே போனால்தான் அணையும். டி.சி.யில் அது தானாக நடக்காது. ஆனோடு–கேத்தோடு குறுக்கே இன்னொரு பட்டன் வையுங்கள். அழுத்தினால் கரண்ட் முழுக்கப் பட்டன் வழியே போய்விடும், விட்டதும் எல்.இ.டி. அணையும்.

விட்டதும் திரும்ப எரிந்தால், வோல்டேஜ் சட்டென ஏறுவதுதான் காரணம். கேட்–கேத்தோடு இடையே 1 கிலோஓம் போடுங்கள்.