துணைவியின் கருமுட்டையை நான் சுமக்கலாமா?

கேள்வி: நாங்கள் இரண்டு பெண்கள். லண்டனில் பதிவுத் திருமணம் செய்து வாழ்கிறோம். எனக்கு 38 வயது, அவளுக்கு 31. அவள் கருமுட்டையில் உருவாகும் குழந்தையை நான் சுமக்க ஆசை. நண்பர் ஒருவர் விந்தணு தருகிறேன், வீட்டிலேயே முயற்சி செய்யலாம் என்கிறார். எது நல்லது டாக்டர்?

பதில்: தாராளமாகச் சுமக்கலாம். வயது முக்கியமாகப் பாதிப்பது முட்டையைத்தான், கருப்பையை அவ்வளவு இல்லை. 38 வயது முட்டையைவிட 31 வயது முட்டையில் கரு தங்கும் வாய்ப்பு கூடுதல், கலையும் வாய்ப்பு குறைவு.

ஆனால் இதற்கு முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் ஐவிஎஃப் வேண்டும், வீட்டில் முடியாது. உங்கள் துணைவி பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வார். முட்டைப் பைகள் போதிய அளவு வளர்ந்ததும் கடைசி ஊசி. அதை இரவு 9 மணிக்குப் போடச் சொன்னால் 9 மணிக்கே போட வேண்டும். சுமார் 36 மணி நேரம் கழித்து முட்டைகளை எடுப்பார்கள். நேரம் தவறினால் முட்டை முதிராமல் இருக்கும், அல்லது முன்னதாகவே வெளியேறிவிடும். 12 முட்டை கிடைத்தால் 12 குழந்தைக்கான கரு என்று எண்ணிவிடாதீர்கள். எட்டு கருத்தரித்து, ஐந்தாம் நாள் மூன்று மிஞ்சினாலே நல்ல விளைச்சல். அப்புறம் உங்கள் முறை. மாத்திரையால் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைத்து, ஒரே ஒரு கருவை வைப்பார்கள். இரட்டைக் குழந்தை ஆசையில் இரண்டு கேட்காதீர்கள், உங்கள் வயதில் அது ஆபத்து.

இவ்வளவு ஊசியும் செலவும் வேண்டாம் என்றால், துணைவிக்கே ஐயுஐ செய்யலாம். தானம் பெற்ற விந்தணுவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்துவார்கள், சில நிமிட வேலை. ஆனால் சுமப்பவர் அவராக இருப்பார்.

நண்பரின் விந்தணுவையும் மருத்துவமனை வழியாகவே வாங்குங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பரிசோதனை அங்கேதான் ஒழுங்காக நடக்கும். பிரிட்டன் சட்டத்தில் பெற்றவரே தாய். உங்கள் துணைவி இரண்டாவது பெற்றோர் ஆவது முட்டை கொடுத்ததால் அல்ல, உங்களை மணந்திருப்பதால். மணமாகாத ஜோடி வீட்டில் முயன்றால் அந்த நண்பரே சட்டப்படி அப்பாவாகிவிடுவார். அப்படிச் சிக்கிக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வங்கி விந்தணு என்றால், 2005 ஏப்ரல் முதல் பதிவானவர்களின் அடையாளத்தைக் குழந்தை 18 வயதில் கேட்டறியலாம்.

கர்ப்பம் உறுதியானதும் முதல் சந்திப்பிலேயே "முட்டை என்னுடையது இல்லை" என்று சொல்லிவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் பரிசோதனைக் கணக்கில் உங்கள் 38 அல்ல, முட்டை எடுத்தபோது அவருக்கிருந்த வயதே போக வேண்டும். இல்லையென்றால் வீணாகப் பயந்துபோவீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. வேறொருவர் முட்டையைச் சுமக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுதல். 12ஆம் வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று கேளுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.