90 எஃப்பிஎஸ் போனும் போன ஐடியும்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் மகனுக்குப் பழைய போன் வாங்கினேன், 11,500 ரூபாய். “கேமுக்குன்னே ரெடி பண்ணினது, 90 எஃப்பிஎஸ் ஓடும்” என்று சொல்லித்தான் தந்தார்கள். மூன்றாவது வாரம் பிஜிஎம்ஐ கேமில் அவன் ஐடியை 10 வருஷத்துக்குத் தடை செய்துவிட்டார்கள். ஹேக் எதுவும் போடவில்லை என்று சத்தியம் செய்கிறான். போனில் Magisk என்று நாங்கள் போடாத ஓர் ஆப் இருக்கிறது. ஆன் செய்தால் முதலில் ஏதோ எச்சரிக்கை வருகிறது. கடையில் கேட்டால், “கேம் கம்பெனி தடை பண்ணினா நாங்க என்ன செய்ய அக்கா?” என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
— கருங்கல் வாசகி

பதில்: உங்கள் மகன் சொல்வதை நான் நம்புகிறேன். ஏமாற்ற நினைக்காதவனின் ஐடியும் இப்படிப் போகும். Magisk என்பது போனை ரூட் செய்ய, அதாவது கம்பெனி வைத்த தடுப்புகளைத் தாண்டிப் போனின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள, பயன்படுத்தும் கருவி. ஆன் செய்ததும் வரும் எச்சரிக்கை, பூட்லோடர் திறந்து கிடக்கிறது என்பதாக இருக்கும். பூட்லோடர் என்பது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடி மற்ற மென்பொருளை ஏற்றும் பகுதி. அது பூட்டியிருந்தால் அசல் மென்பொருளை மாற்ற விடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் போன் உங்கள் கைக்கு வரும் முன்பே ரூட் ஆகிவிட்டது.

கடைக்காரர் பெருமையாகச் சொன்ன அந்த 90 எஃப்பிஎஸ்-தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எஃப்பிஎஸ் என்பது கேம் ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்ற கணக்கு. எந்த மாடலுக்கு 90 எஃப்பிஎஸ் தருவது என்பதைக் கேம் ஒரு பட்டியல் வைத்து முடிவு செய்கிறது. பட்டியலில் இல்லாத போனிலும் அதைக் கொண்டுவரச் சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். போனை ரூட் செய்து, அது விலை கூடிய வேறொரு மாடல் என்று கேமிடம் சொல்ல வைக்கிறார்கள். ஆட்டத்தில் எதிரியைச் சுவருக்குப் பின்னால் பார்க்கும் ஹேக் இதில் இல்லைதான். ஆனால் போன் தன் பெயரையே மாற்றிச் சொல்கிறது.

ரூட் என்றாலே கேம் நிறுவனங்கள் ஏன் பயப்படுகின்றன? ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் ஆப்பும் தனித்தனி அறையில் ஓடுகிறது. ஓர் ஆப் இன்னொன்றின் நினைவகத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ரூட் அதிகாரம் கிடைத்த ஆப்புக்கு இந்தத் தடுப்பு இல்லை. எதிரி எங்கே நிற்கிறான், துப்பாக்கி எவ்வளவு உதைக்கிறது என்று கேம் தன் நினைவகத்தில் வைத்திருப்பதை அது படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். ஹேக் விற்பவர்களின் பல கருவிகள் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோ, போனுக்குள் சாதாரண ஆப்புக்கு உள்ள அதிகாரத்தோடு ஓடுகிறது. ரூட்டை மீறி அதனால் எதையும் பார்க்க முடியாது. “இங்கே ஹேக் ஏதும் இல்லை” என்று ரூட் செய்த போன் சொன்னால், அது நிஜமா பொய்யா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நல்ல பிள்ளைக்கும் ஹேக்கருக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் தெரிவதில்லை.

அதனால் கேம்கள் போனின் பேச்சை மட்டும் நம்புவதில்லை. கூகுளின் Play Integrity என்ற சோதனையைப் பல ஆப்கள் பயன்படுத்துகின்றன. பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்ற விவரம் போனின் பாதுகாக்கப்பட்ட வன்பொருள் பகுதியிலிருந்து கையொப்பத்தோடு போகும். மேலே ஓடும் மென்பொருளை மாற்றினாலும் இந்தக் கையொப்பத்தைப் போலியாகப் போடுவது எளிதல்ல. கேம் நிறுவனங்கள் இதோடு தங்கள் சொந்தச் சோதனைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. சில கேம்கள் அப்படிப்பட்ட போனில் திறக்கவே மறுக்கும். அது தடை இல்லை, வேறு போனில் அதே ஐடியை ஆடலாம். ஐடிக்கே தடை விழுந்தால்தான் கஷ்டம், எந்தப் போனில் நுழைந்தாலும் அது கூடவே வரும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. முன்பு இந்தப் போனை வைத்திருந்தவர் ஹேக் போட்டு ஆடி, போனே கறுப்புப் பட்டியலில் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்பதை நிறுவனம் விவரமாகச் சொல்லாது. சொன்னால் ஹேக் செய்பவர்களுக்கு அது பாடமாகிவிடும்.

சரி, இப்போது பணம். கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, கேம் நிறுவனத்தின் முடிவுக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது அதை இல்லை. மென்பொருளை மாற்றிய போனை, மாற்றியதைச் சொல்லாமல் விற்றார் என்பதே உங்கள் புகார். கேமுக்கென்று சொல்லி விற்ற பொருள் கேமையே கெடுத்தது என்பதால் புகாருக்கு நல்ல பலம் இருக்கிறது. “ரூட் பண்ணித்தான் தர்றேன்” என்று அவர் முன்பே சொல்லி, உங்கள் மகன் சம்மதித்திருந்தால் அந்தப் பலம் போய்விடும். அதை மகனிடம் முதலில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், போனை அழிக்கவோ சரிசெய்யவோ யாரிடமும் கொடுக்க வேண்டாம். முதலில் ஆதாரம் எடுங்கள். போனை அணைத்து மறுபடி ஆன் செய்வதை, எச்சரிக்கை தெரியும்படி வேறொரு போனில் வீடியோ எடுங்கள். Magisk திரையையும், தடை அறிவிப்பையும் தேதியோடு எடுங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான IMEI-ஐ Settings-இல் காட்டி அதையும் எடுங்கள். அது பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கணினி தெரிந்தவர் அருகில் இருந்தால், USB debugging-ஐ இயக்கிவிட்டு இதையும் பார்க்கலாம்:

```
adb shell getprop ro.boot.verifiedbootstate
```

orange என்று வந்தால் பூட்லோடர் திறந்திருக்கிறது. green என்று வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ரூட்டை மறைக்கும் கருவிகள் இந்த விடையையும் மாற்றிக் காட்டும். ஆன் ஆகும்போது வரும் எச்சரிக்கைதான் வலுவான சாட்சி.

இவற்றை வைத்துக் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பணம் அல்லது மாற்றுப் போன் தர 15 நாள் அவகாசம் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கு மேல் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில் இல்லை என்றால், பணம் அனுப்பிய யூபிஐ பதிவு உதவும். போன் விலையைக் கேளுங்கள். ஐடியில் இருந்த ஸ்கின், ரேங்க் இவற்றுக்கும் இழப்பீடு வாங்குவது கடினம் என்றே நினைக்கிறேன்.

கடை பணம் தராமல், அதே போனை வைத்துக்கொள்ளும் நிலை வந்தால், ஃபேக்டரி ரீசெட் செய்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரீசெட் உங்கள் கோப்புகளைத்தான் அழிக்கும். ரூட் பூட் பகுதியில் இருப்பதால் அப்படியே நிற்கும். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அசல் மென்பொருளை முழுதாக ஏற்றி, அது சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பூட்லோடரைப் பூட்ட வேண்டும். வரிசை மாறி, மாற்றிய மென்பொருளோடு பூட்டினால் போன் ஆன் ஆகாமலே போகலாம்.

ஐடிக்கு, கேம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பகுதியில் ஒரு முறையீடு போடுங்கள். பழைய போன் வாங்கிய தேதி, பில், தடை விழுந்த தேதி மூன்றையும் சேருங்கள். ரூட் இல்லவே இல்லை என்று மகன் எழுத வேண்டாம், அவர்களிடம் பதிவு இருக்கும். திரும்பக் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். போன் சரியாகும்வரை அதில் புது ஐடி தொடங்கவும் வேண்டாம், அதுவும் போகக்கூடும். தம்பியுடைய ஐடியோ கூட்டுக்காரனுடைய ஐடியோ அதில் நுழைந்தால் அதற்கும் அதே ஆபத்துதான்.