எல்லை என்ற சொல்லை நம்பி நான் கொடுத்த மனு

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகா, ஆந்திரா ரெண்டையும் தொட்டுக்கிட்டு இருக்கு. அப்போ எல்லை மாவட்டத்துக்கான சிறப்பு வளர்ச்சித் திட்டம் எங்களுக்கு ஏன் வரலை? எல்லை மாவட்டம், கடலோர மாவட்டம்னு எதை வெச்சு முடிவு பண்றாங்க?

பதில்:

நீங்கள் தளி, அஞ்செட்டி, வேப்பனப்பள்ளி பக்கம் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓசூர் டவுனில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி வராது. நானும் இதே கேள்வியை நாலு பக்க மனுவாக எழுதிக்கொண்டு அலைந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2011 முதல் 2016 வரை தளி ஒன்றியத்தில் ஒரு ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். எங்கள் ஊரின் கடைசி வீட்டுக்கு அப்புறம் ராகிக் கொல்லை, கொல்லை முடிந்தால் கர்நாடகா. அக்காவை அந்தப் பக்கம்தான் கொடுத்திருக்கிறோம். ஒரு முறை அவர்கள் ஊருக்குப் போனபோது புதிதாக ஒரு சமுதாயக் கூடம் நின்றது, அதன் பலகையில் ‘கடி பிரதேச அபிவிருத்தி’ என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. ‘கடி’ என்றால் எல்லை. மாமாவிடம் கேட்டேன். “எல்லை ஊருங்களுக்குன்னே எங்களுக்குத் தனியா ஒரு ஆணையம் இருக்குடா, உங்களுக்கு இல்லையா?” என்றார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரே மண், ஒரே மழை, நடுவில் ஒரு எல்லைக்கல்தான்.

அப்போது எங்கள் ஊராட்சியில் ஒரு குக்கிராமத்துக்குச் சாலை இல்லை. சுமார் 60 குடும்பம், பாதிக்கு மேல் இருளர். பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கி வந்திருக்கிறோம். மத்திய அரசில் எல்லைப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று செய்தித்தாளில் படித்திருந்தேன். நாம் இரண்டு மாநில எல்லையில் இருக்கிறோமே, நமக்குத்தான் அது என்று நம்பி 2015இல் மனு கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. நாலு மாதம் கழித்து ஒன்றரை வரியில் பதில் வந்தது: தங்கள் பகுதி மேற்படி திட்டத்தின் வரையறைக்குள் வராது என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது. ஏன் வராது, எந்த வரையறை, ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

விளக்கியவர் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். “தம்பி, எல்லை மாவட்டம்னு நாடு முழுக்க ஒரே பட்டியல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு திட்டமும் தனக்குன்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்கும். அந்த வழிகாட்டி நெறிமுறையைத்தான் மொதல்ல படிக்கணும்” என்றார். உங்கள் கேள்விக்கு விடை இதுதான்.

நான் கேட்ட திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1986-87இல், ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், பாகிஸ்தானை ஒட்டிய மேற்கு மாநிலங்களுக்காகத் தொடங்கியது. அப்புறம் வங்கதேச எல்லைக்கும், பிறகு நாட்டின் மற்ற நில எல்லைகளுக்கும் நீண்டது. அதில் எல்லை என்றால் வேறு ஒரு நாட்டோடு உள்ள நில எல்லை மட்டும்தான். ஆனால் அங்கேயும் மாவட்டம் முழுக்கப் பணம் கிடைக்காது. எல்லையை ஒட்டி முதலில் மக்கள் குடியிருக்கும் ஊரைப் பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அந்த 10 கிலோமீட்டரும் சாலை வழியாக அளப்பது இல்லை, காக்கை பறக்கும் நேர்கோட்டுத் தூரம். பூஜ்யத்தை எல்லைக் கோட்டிலேயே வைக்காமல் முதல் ஊரில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாலைவனத்திலும் மலையிலும் எல்லைக்கு அருகில் ஆளே இருக்க மாட்டார்கள். கோட்டிலிருந்து அளந்தால் கடைசி ஊரே விட்டுப்போய்விடும்.

இந்தப் பணம் ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் அந்தப் பெரியவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. பஞ்சாபில் எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ள விவசாயி, கேட் திறக்கும் நேரத்தில்தான் தன் வயலுக்கே போக முடியும், கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். எதிர்ப்பக்கம் சந்தை கிடையாது, வேலை கிடையாது, பெண் எடுக்கவும் கொடுக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஊர் காலியாகிவிட்டால் எல்லையில் நடப்பதைப் பார்க்கவே ஆள் இருக்காது. மக்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சாலை, பள்ளி, மருத்துவமனைக்குத் தனிப் பணம். 2023இல் சீன எல்லை ஊர்களுக்காகத் துடிப்பான கிராமங்கள் திட்டம் வந்ததற்கும் இதே காரணம்தான். எங்கள் எல்லை அப்படி மூடிய எல்லை இல்லை. காலையில் அத்திப்பள்ளி தாண்டிப் போய் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறோம். ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வந்ததற்குப் பக்கத்தில் பெங்களூர் இருந்ததும் ஒரு காரணம்.

இதைச் சொன்னதும் சிலர் “அப்போ கிருஷ்ணகிரிக்கு எதுவும் வேண்டாம் என்கிறாயா” என்று கீழே வந்து திட்டுவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ராஜஸ்தான்காரருக்குப் போகும் பணத்தைப் பார்த்தும் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஓசூர் வளர்ந்ததைக் காட்டி அஞ்செட்டி மலை ஊர்களையும் வளர்ந்த ஊர் என்று எழுதிவிடுகிறார்களே, அதுதான் என் கோபம்.

கடலோர மாவட்டத்துக்கும் இதே கதைதான். பொதுவாகக் கடற்கரை இருந்தாலே கடலோர மாவட்டம் என்பார்கள், தஞ்சாவூர்கூட அப்படித்தான், அதிராம்பட்டினம் அந்த மாவட்டம். ஆனால் அந்தப் பெயரால் கும்பகோணத்துக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கு வரும் நிவாரணம் கடல் மீனவர் குடும்பத்துக்குத்தான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பது உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை, அது வளர்ச்சித் திட்டமே இல்லை, கட்டுப்பாடு. ராமேசுவரம் தீவுக்கு எதிரிலேயே இலங்கை இருந்தும் எல்லைப் பகுதித் திட்டத்தில் அது இல்லை, காரணம் நடுவில் கடல். அங்கே நில எல்லை கிடையாது.

இரண்டையும் சேர்த்து எடுத்த திட்டமும் உண்டு. 2020 சுதந்திர தின உரையில் பிரதமர் எல்லை, கடலோர மாவட்டங்கள் 173இல் என்.சி.சி.யை விரிவாக்கி ஒரு லட்சம் மாணவர்களைச் சேர்ப்போம், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று சொன்னார். எல்லைப் பகுதியில் தரைப்படை பயிற்சி கொடுக்கும், கடலோரத்தில் கடற்படை. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. டிவியில் கேட்டுவிட்டு “அப்பா, நாமும் எல்லை மாவட்டம்தானே?” என்று ஓடி வந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு. உட்காரவைத்து இந்த 10 கிலோமீட்டர் கதையைச் சொன்னேன். அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போ மாமா ஊருக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது மத்திய அரசுப் பணம் இல்லை. கர்நாடகா 2010இல் தானே ஒரு சட்டம் போட்டு எல்லைப் பகுதி வளர்ச்சி ஆணையம் அமைத்தது. மாநில எல்லையை எல்லையாக எடுத்துக்கொள்ள ஒரு மாநிலத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அதனால் எங்கள் பக்கம் கேட்பதென்றால் டெல்லியைக் கேட்டுப் பயன் இல்லை, சென்னையைத்தான் கேட்க வேண்டும்.

சரி, அந்தச் சாலை என்ன ஆயிற்று? பெரியவரே வழி காட்டினார். “உன் சாலைக்குத் தடை பணம் மட்டும் இல்லப்பா, நடுவுல காப்புக்காடு இருக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணு” என்றார். 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு உண்டு. காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் மரபு வழியாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்கும் சாலை, பள்ளி, குடிநீர்க் குழாய் போன்ற வசதிகளுக்காக வன நிலத்தை ஒதுக்க அது இடம் தருகிறது. ஒவ்வொரு பணிக்கும் எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

எங்கள் கணக்கு இப்படி. சாலை மொத்தம் 2.4 கிலோமீட்டர், அதில் காட்டுக்குள் போவது 900 மீட்டர்தான். அகலம் 3.75 மீட்டர். பெருக்கினால் 3,375 சதுர மீட்டர், ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்கு, நம் கணக்கில் 83 சென்ட். பழைய வண்டித் தடத்திலேயே போனதால் வெட்ட வேண்டிய மரம் 11. வரம்புக்குள் சுலபமாக அடங்கிவிட்டது. ஆனால் முதல் தீர்மானத்தில் ‘எங்கள் ஊருக்குச் சாலை வேண்டும்’ என்று பொதுவாக எழுதிவிட்டோம், அது திரும்பி வந்தது. புல எண், நீளம், அகலம், மரங்களின் எண்ணிக்கை, இது 3(2) பிரிவின் கீழ் என்ற வரி, எல்லாம் போட்டு அடுத்த கிராம சபையில் மறுபடி நிறைவேற்றினோம். மாவட்ட வன அலுவலர் அனுமதி வர எட்டு மாதம். பிறகு ஊராட்சி ஒன்றிய நிதியிலேயே 2019இல் தார் போட்டார்கள். நாலு பக்க மனுவில் நான் எழுதிய எல்லை என்ற சொல் இந்தக் காகிதங்களில் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையும் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஜப்பான் நிதி உதவியோடு வந்து 2013இல் தொடங்கியது. அதைக் கொண்டுவந்தது நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகளின் அளவைக் காட்டித்தான் கேட்டார்கள். எல்லை அதில் வேறு விதமாக வந்தது: 2008இல் கர்நாடகாவில் அதை எதிர்த்துப் போராட்டமே நடந்தது.



உங்கள் ஊருக்கு என்ன வேண்டும், சாலையா பள்ளியா, நடுவில் வன நிலம் இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். எங்கள் இரண்டாவது தீர்மானத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன்.