ஹில்ஷேட் போட்டால் நிறம் ஏன் மங்குகிறது?

*கேள்வி: நீலகிரிக்கு நிலச்சரிவு அபாய வரைபடம் செய்கிறேன். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவான டெம்மில், மலையை வெளிச்சமும் நிழலுமாகக் காட்டும் ஹில்ஷேட் போட்டால் ஒரே கறுப்பு வெள்ளைப் புள்ளியாக வருகிறது. அபாய லேயரைப் பாதி ஒளிபுகும்படி மேலே வைத்தால் நிறமெல்லாம் சாம்பல் பூத்துவிடுகிறது. நல்ல டெம் விலைக்கு வாங்கட்டுமா?*

வாங்காதீர்கள். உங்கள் டெம்மில் குறையில்லை. அந்தக் கோப்பில் உயரம் மீட்டரில் இருக்கிறது, அகலமோ டிகிரியில் இருக்கிறது. 30 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்தை மென்பொருள் 0.00028 மீட்டர் என்று எடுத்துக்கொள்வதால் மேடெல்லாம் செங்குத்துப் பாறையாகிவிடுகிறது. அகலத்தையும் மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் நீலகிரி 43 மண்டலத்தில் வருகிறது, முதலில் அதற்கு மாற்றுங்கள்:

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -r bilinear dem.tif utm.tif
gdaldem hillshade -igor utm.tif nizhal.tif
```

`-r bilinear` கட்டாயம், அதை விட்டால் மலை முழுக்க கோடு கோடாக வரும்.

விலைக்கு விற்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் இதே 30 மீட்டர் டெம்மை 5 மீட்டராக இழுத்து, 'ஹை ரெசல்யூஷன்' என்று விலை வைக்கிறார்கள். டெண்டரில் ரெசல்யூஷனை மட்டும் எழுதிவிட்டு, தரவு எந்தச் செயற்கைக்கோளில் எந்த வருடம் எடுத்தது என்று ஒரு வரி கேட்காத அலுவலகங்கள் இருக்கும்வரை இது நிற்காது. ஹில்ஷேட் போட்டு நெருக்கிப் பாருங்கள்: அசல் 5 மீட்டர் என்றால் சாலைக்கு வெட்டிய சரிவு தெரியும், இழுத்தது என்றால் மெழுகு உருகியதுபோல வழவழவென்று இருக்கும்.

அப்புறம் நிறம். அபாய லேயரை ஒளிபுகச் செய்யாதீர்கள், முழு அடர்த்தியில் கீழே வையுங்கள். ஹில்ஷேடை மேலே வைத்து, க்யூஜிஐஎஸ்ஸில் அதன் Blending mode-ஐ Multiply ஆக்குங்கள். வழக்கமான ஹில்ஷேடில் சமதளமே 255-க்கு 181 என்று சாம்பலாக வரும், அதனால்தான் Multiply செய்தாலும் வரைபடம் முழுக்க இருட்டும். `-igor` சமதளத்தை வெள்ளையாக விட்டுவிடும், அங்கே உங்கள் நிறம் அப்படியே நிற்கும்.

ஆனால் உங்கள் வரைபடத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. வெளிச்சம் வடமேற்கிலிருந்து வருவதால் தென்கிழக்கு பார்த்த சரிவுகள்தான் இருட்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் அப்படிப்பட்ட சரிவுகள் நிறைய, அடிக்கடி மண் சரிவதும் அந்தப் பாதையில்தான். அபாயத்தை இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை ஒரே நிறத்தில் ஐந்து படியாகக் காட்டினால், அங்கே 'நடுத்தரம்' நிழல் விழுந்து 'அதிகம்' போலத் தெரியும். நிழலைப் பார்த்து அபாயம் என்று எவராவது முடிவெடுத்தால் யார் பொறுப்பு? நிலப்பயன்பாடு மாதிரி வெவ்வேறு நிறங்கள் என்றால் இந்தக் கவலை அவ்வளவு இல்லை. உங்களுக்கு ஹில்ஷேடின் Opacity 40 சதவீதத்தில் தொடங்கட்டும். ஒரே வகுப்பை வெயில் சரிவில் ஒரு இடத்திலும் நிழல் சரிவில் ஒரு இடத்திலும் கலர் பிக்கரால் எடுத்து, லெஜண்டில் உள்ள நிறத்தோடு வைத்துப் பாருங்கள். நிழல் பக்கத்து நிறம் அடுத்த படியை எட்டினால் இன்னும் குறையுங்கள், அதில் மலை கொஞ்சம் மங்கினாலும் சரி.