நேரம் குறித்து வைத்த பதிவுகளைப் பத்து நிமிடத்தில் நிறுத்துவது எப்படி?

"நாங்கள் மூன்று பேர். ஒரு பயண நிறுவனத்தின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், யூடியூப் பக்கங்களையும் இணையதளக் கட்டுரைகளையும் வார மடலையும் கவனித்துக்கொள்கிறோம். இரண்டு வாரப் பதிவுகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடுவோம். சென்ற மாதம் ஒரு விமான விபத்துச் செய்தி வந்த காலையில், 'இறக்கை விரிக்கத் தயாரா?' என்ற எங்கள் பதிவு தானாக வெளியாகிவிட்டது. பதறிப்போய்ச் செயலியில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். அதன் பிறகும் இன்னொரு பதிவு வந்தது. ஒரே பொத்தானில் அனைத்தையும் நிறுத்த வழி இருக்கிறதா?"

அப்படி ஒரு பொத்தான் கிடையாது. ஆனால் மூன்று பேர் கொண்ட குழு பத்து நிமிடத்துக்குள் அனைத்தையும் நிறுத்த முடியும். அதற்கு முன்னால், நிறுத்திய பிறகும் அந்த இரண்டாவது பதிவு எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். வேலையின் பாதி அதில்தான் இருக்கிறது.

நேரம் குறித்த ஒரு பதிவு, எங்கே குறிக்கப்பட்டதோ அங்கேயே காத்திருக்கிறது. வெளிச் செயலி ஒன்றில் குறித்தால், அந்தச் செயலியின் சர்வரில் இருக்கும். நேரம் வந்ததும், நீங்கள் கொடுத்த அனுமதியைக் கொண்டு அந்தச் செயலி உங்கள் பக்கத்தில் பதிவிடும். பேஸ்புக்கின் சொந்தத் திட்டமிடல் பக்கத்தில் குறித்தால், அது பேஸ்புக்கிடமே இருக்கும். வெளிச் செயலிக்கு அப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாமல் போகலாம். உங்கள் குழுவில் யாரோ ஒருவர் அவசரத்தில் நேரடியாகப் பக்கத்திலேயே ஒரு பதிவுக்கு நேரம் குறித்திருப்பார். செயலியின் நிறுத்தப் பொத்தான் தன் கையில் இருந்ததை மட்டும் நிறுத்தியது, மற்றது தன் நேரத்துக்கு வெளியே வந்தது.

ஆகவே முதல் வேலை, ஒரு பக்கத்துக்கு மிகாத ஒரு பட்டியல். பதிவுகள் காத்திருக்கும் இடங்கள் எவை, ஒவ்வொன்றிலும் எந்தத் திரைக்குப் போய் எதை அழுத்த வேண்டும், அங்கே நுழையும் அனுமதி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். எழுதத் தொடங்கினால் நீங்கள் எண்ணியதைவிட இடங்கள் கூடும். இணையதளத்தில் கட்டுரை வெளியானவுடன் அதன் இணைப்பைத் தானாகப் பேஸ்புக்கில் போடும் தானியங்கி ஒன்றை எப்போதோ யாரோ அமைத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்றாம் நாள் தானாகப் போகும் வரவேற்பு மடல் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரம் இருக்கும். இவை எதுவும் நாட்காட்டியில் தெரியாது. நாட்காட்டியை மட்டும் பார்ப்பவர்கள் இவற்றைத்தான் தவறவிடுகிறார்கள்.

நிறுத்தும்போது மனம் ஒரு குறுக்கு வழியைத் தேடும்: "பறப்பது, இறக்கை, பயணம் என்று வரும் பதிவுகளை மட்டும் தேடி எடுத்துவிடலாமே." தயவுசெய்து வேண்டாம். 2013 ஜனவரியில் பிரிட்டனில் மாட்டிறைச்சிப் பொருள்களில் குதிரை இறைச்சி கலந்திருந்த செய்தி வெடித்தபோது, அவற்றை விற்ற பல்பொருள் அங்காடிகளில் ஒன்றான டெஸ்கோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக் கணக்கிலிருந்து இரவு வணக்கமாக ஒரு ட்வீட் வந்தது. 'தூங்கப் போகிறோம்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'வைக்கோலில் விழுவது' என்று ஒரு வழக்கு உண்டு, அதைத்தான் எழுதியிருந்தார்கள். குதிரையோடு வைக்கோலைச் சேர்த்துப் படித்தவர்கள் கொதித்தார்கள். செய்தி தெரிவதற்கு முன்பே நேரம் குறிக்கப்பட்ட ட்வீட் அது என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இறைச்சி, குதிரை என்று எந்தச் சொல்லைத் தேடியிருந்தாலும் அந்த ட்வீட் சிக்கியிருக்காது. எது புண்படுத்தும் என்று பதற்றத்தில் இருக்கும் மூளையால் கணிக்க முடியாது. முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். திரும்பப் பெற முடியாதது முதலில். பேஸ்புக் பதிவு வெளியாகிவிட்டாலும் அழிக்கலாம். கிளம்பிவிட்ட மடலையும் கைபேசியில் வந்து விழுந்த அறிவிப்பையும் வாசகரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. அதனால் மடல் அனுப்பும் சேவைக்கே முதலில் போக வேண்டும். அதன் பிறகு, நேரம் நெருங்கியிருக்கும் பதிவுகள். அதன் பிறகு விளம்பரங்கள். விளம்பரம் புதிதாக எதையும் வெளியிடாது என்றாலும், அந்தக் காலையிலும் ஆயிரக்கணக்கானோருக்கு 'இறக்கை விரியுங்கள்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்திய பின்னும் அது அடங்கச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதால் அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் காலையையே மறுபடி ஓட்டிப் பார்ப்போம். 8.40க்குச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.00க்கு வார மடல், 9.15க்கு இன்ஸ்டாகிராம் பதிவு, 11.00க்கு எக்ஸ் பதிவும் இணையதளக் கட்டுரையும், மாலை 6.00க்கு யூடியூப் காணொளி. செய்தியை முதலில் பார்த்தவர் குழுவுக்கு ஒரே ஒரு சொல் அனுப்புகிறார்: "நிறுத்து." யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மூவரில் யார் சொன்னாலும் நிற்க வேண்டும் என்பதை முன்பே எழுதி மேலாளரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்கள். தேவையில்லாமல் நிறுத்தினால் சில பதிவுகள் சில மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான்.

முதலாமவர் மடல் சேவைக்குள் போய் 9 மணி மடலின் நேரக்குறிப்பை ரத்து செய்கிறார், பிறகு தானியங்கி மடல்களை நிறுத்துகிறார். இரண்டாமவர் வெளிச் செயலியில் நிறுத்துகிறார். மொத்தத்துக்கும் ஒரே நிறுத்தம் இருக்கும் செயலிகளும் உண்டு, ஒவ்வொரு கணக்காக நிறுத்த வேண்டியவையும் உண்டு. உங்களுடையது எது என்பது பட்டியலில் இருக்க வேண்டும். அடுத்து அவரே Meta Business Suite-இன் Planner பக்கத்தைத் திறந்து, அங்கே நேரடியாகக் குறிக்கப்பட்டவற்றைப் பார்க்கிறார். அழிப்பதில்லை. தேதியைப் பத்து நாள் தள்ளி வைக்கிறார். அழித்துவிட்டால் படமும் வாசகமும் சேர்ந்து போய்விடும், பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே குறித்தவை இருந்தால் அங்கேயும் ஒரு முறை பார்க்கிறார். பின்னர் எக்ஸ் தளத்தின் சொந்த நேரக்குறிப்புப் பட்டியல்.

மூன்றாமவர் விளம்பரங்களை நிறுத்திவிட்டு இணையதளத்துக்குப் போகிறார். அது வேர்ட்பிரஸ் என்றால், கட்டுரைப் பட்டியலில் Scheduled என்பதை அழுத்தினால் காத்திருப்பவை மட்டும் தெரியும். முதலில் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொள்ளட்டும். எது எந்தத் தேதிக்கு இருந்தது என்று பிறகு தேட வேண்டியதில்லை. அதன் பின் எல்லாவற்றையும் தேர்வு செய்து, Bulk actions வழியாக Edit திறந்து, நிலையை Draft என்று மாற்றினால் ஒரே தடவையில் அனைத்தும் வரைவாகிவிடும். கட்டுரை வெளியாகாவிட்டால் அதன் இணைப்பைப் பகிரும் தானியங்கியும் தூண்டப்படாது. கடைசியாக, யூடியூப் ஸ்டூடியோவில் மாலைக் காணொளியின் நிலையை Private என்று மாற்றுகிறார். அதற்கு மாலை வரை நேரம் இருப்பதால்தான் அது கடைசி.

8.50க்குள் முடியும். முடிந்துவிட்டது என்று அப்போதே நம்பிவிடாதீர்கள். 9.15 வரும்போது, உங்கள் கணக்கில் நுழையாத ஒரு கைபேசியில் பக்கத்தைத் திறந்து, பதிவு வரவில்லை என்று கண்ணால் பாருங்கள். 11 மணிக்கும் அப்படியே. செயலியின் திரையில் 'நிறுத்தப்பட்டது' என்று தெரிவது, அந்தச் செயலியைப் பற்றிய தகவல் மட்டுமே.

பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நுழைய முடியாமல் போனால் பயனில்லை. எனக்கு அது ஒரு முறை நடந்தது. நான் அப்போது பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில், இருபடிச் சரிபார்ப்பின் எண் ஒரே ஒருவரின் கைபேசிக்கு மட்டும் போகும்படி அமைத்திருந்தோம். அவர் அன்று விமானத்தில் இருந்தார். கடவுச்சொல் கையில் இருந்தும் இரண்டு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றோம். ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது இரண்டு பேருக்கு அவரவர் பெயரிலேயே அனுமதி வாங்கி வையுங்கள். கைபேசியிலிருந்தே நுழைந்து பாருங்கள், செய்தி வரும்போது நீங்கள் மேசையில் இருப்பீர்கள் என்பதற்கு உறுதியில்லை.

வெளிச் செயலிக்குள் நுழைய முடியாதபோது ஒரு கடைசி வழி உண்டு. பேஸ்புக், எக்ஸ் போன்ற தளங்களின் அமைப்புகளுக்குப் போய், அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிடலாம். அதன் பிறகு செயலி பதிவிட முயன்றால் தோற்றுப்போகும். தளத்திலேயே குறித்த பதிவுகளை இது தொடாது, பின்னால் இணைப்பை மறுபடி ஏற்படுத்தவும் வேண்டியிருக்கும். கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். செயலிகள் தனி அனுமதியில் இயங்குவதால், கடவுச்சொல் மாறிய பிறகும் பதிவுகள் தொடரலாம்.

பலர் எண்ணிப் பார்க்காத ஆபத்து மறுபடி தொடங்கும்போது இருக்கிறது. நிறுத்தி வைத்த காலத்தில் நேரம் கடந்துபோன பதிவுகள் என்ன ஆகும்? ஒரு செயலி அவற்றை விட்டுவிடும். இன்னொன்று வரிசையில் பின்னுக்குத் தள்ளும். வேறொன்று, நீங்கள் மறுபடி இயக்கிய நொடியில் அத்தனையையும் ஒரே மூச்சில் வெளியிடும். உங்கள் செயலி எந்த வகை என்பதைத் துயரம் நடந்த வாரத்தில் கண்டுபிடிக்கக் கூடாது. அமைதியான ஒரு நாளில் சோதித்துவிடுங்கள். யாரையும் உறுத்தாத ஒரு சாதாரணப் பதிவுக்கு அரை மணி நேரம் கழித்து நேரம் குறியுங்கள். நிறுத்துங்கள். அந்த நேரம் கடந்து பத்து நிமிடம் ஆன பிறகு மறுபடி இயக்கி, என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடையைப் பட்டியலில் எழுதுங்கள். செயலி மாறினாலோ கட்டணத் திட்டம் மாறினாலோ மறுபடி சோதியுங்கள், ஏனெனில் மொத்த நிறுத்தம் சில செயலிகளில் உயர்ந்த திட்டங்களுக்கு மட்டும் கிடைக்கும்.

எப்போது தொடங்குவது என்பதற்கு மணிக்கணக்கு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விமான விபத்துக்குப் பின் ஒரு பயண நிறுவனம் காத்திருக்க வேண்டிய காலமும் ஒரு புத்தக நிறுவனம் காத்திருக்க வேண்டிய காலமும் ஒன்றல்ல. உங்கள் துறையிலேயே நடந்த துயரம் என்றால், மீட்புப் பணி பற்றிய செய்திகள் வந்துகொண்டிருக்கும் வரை விற்பனைப் பதிவு எதையும் போட வேண்டாம் என்பது என் கருத்து. தொடங்கும்போது மொத்தமாக இயக்காதீர்கள். எல்லாப் பதிவுகளையும் வரைவாக்கிவிட்டு, அந்தச் செய்தி தெரிந்தவராக ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றாகப் புதிய நேரம் கொடுங்கள். பயணிகளுக்குப் பயன்படும் தகவல்கள் முதலில் போகட்டும். 'இறக்கை விரிக்கத் தயாரா?' வரிசையில் இருந்தால் அதைத் தள்ளி வைக்காமல் எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் அது வெளியானாலும் அன்றைய காலையைத்தான் நினைவூட்டும்.