240 பேர் பதில் தந்தால் போதுமா?

"கோபி பக்கம் ஒரு கல்லூரியில் பணிபுரிகிறேன். நூலகத்தை இரவு 8 மணி வரை திறந்துவைத்தால் பயன்படுமா என்று கூகுள் ஃபார்ம் தயாரித்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினோம். 1,200 மாணவர்களில் 400 பேர் விடுதியில் தங்கியிருப்பவர்கள், மற்றவர்கள் தினமும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். 240 பேர் பதில் தந்தார்கள். 75 சதவீதம் பேர் 'ஆம்' என்கிறார்கள். எண்ணிக்கை போதுமா, இன்னும் ஒரு வாரம் ஃபார்மைத் திறந்துவைக்கலாமா? பதில்களை இணைத்திருக்கிறேன்."

வேண்டாம். 240 சிறிய எண் அல்ல. 1,200 பெயர்களைக் குலுக்கி 240 பேரை எடுத்து, அத்தனை பேரிடமும் பதில் வாங்கியிருந்தால், கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து பெரும்பாலும் 6 புள்ளிக்கு மேல் விலகாது. ஆனால் உங்களுக்குப் பதில் தந்தவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள். சிக்கல் அதில்தான் இருக்கிறது.

பதில்களைப் பிரித்துப் பார்த்தேன். விடுதி மாணவர்கள் 180 பேரில் 162 பேர், அதாவது 90 சதவீதம், 'ஆம்' என்கிறார்கள். வீட்டிலிருந்து வருகிற 60 பேரில் 18 பேர்தான், 30 சதவீதம். கல்லூரியில் மூன்றில் இரண்டு பங்காக இருப்பவர்கள் உங்கள் பதில்களில் கால் பங்குதான். மாலையில் அந்தியூருக்கோ சத்தியமங்கலத்துக்கோ பஸ் பிடிக்க ஓடுகிறவருக்கு இந்தக் கேள்வியே பொருட்டல்ல. அவர் ஃபார்மைத் திறந்திருக்கவும் மாட்டார்.

இரு பிரிவுகளுக்கும் உரிய எடையைக் கொடுத்துப் பாருங்கள். 400 பேரில் 90 சதவீதம் 360. 800 பேரில் 30 சதவீதம் 240. கூட்டினால் 600, அதாவது 1,200 பேரில் சரிபாதி. 75 எங்கே, 50 எங்கே! இந்த 50-ஐயும் முழுதாக நம்பிவிடாதீர்கள். வீட்டிலிருந்து வருகிறவர்களில் பதில் தராத 740 பேரும் பதில் தந்த 60 பேரைப் போன்றவர்களே என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அந்த 60 பேரில் பலர் கல்லூரிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால், 30 சதவீதமும் கூடுதல்தான்.

இன்னும் ஒரு வாரம் காத்திருந்தாலும் பெரும்பாலும் அதே வகையினர்தான் வருவார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு வார இதழ் 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களை வைத்து லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றார்.

வீட்டிலிருந்து வருகிற 800 பேரின் பட்டியலை விரிதாளில் போட்டு, பக்கத்துப் பத்தியில் `=RAND()` கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த எண்கள் மாறும் என்பதால், அவற்றை மதிப்புகளாக ஒட்டிய பிறகு வரிசைப்படுத்தி முதல் 80 பேரை எடுங்கள். அவர்களை வகுப்பிலேயே தேடிச் சென்று காகிதத்தில் பதில் வாங்குங்கள். வராதவருக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதீர்கள். பழைய கோளாறு மறுபடி நுழைந்துவிடும்.

70 பேர் பதில் தந்து 21 பேர் 'ஆம்' என்றதாக வைத்துக்கொள்வோம். மீதி 10 பேர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விடை 80 பேரில் 26 சதவீதத்துக்கும் 39 சதவீதத்துக்கும் இடையில்தான் இருக்கும். குலுக்கலால் வரும் பிழை ஏறத்தாழ 10 புள்ளி; அதைச் சேர்த்தாலும் பாதியை எட்டாது. அப்போது 8 மணி நூலகம் விடுதி மாணவர்களின் தேவை என்று நிர்வாகத்திடம் உறுதியாகச் சொல்லலாம்.