கோடிட்ட கைகள்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலைப் பேசுகிறோம். இம்முறை டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. நாவல் முழுக்கக் கைகள் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்து, அறுபது இடங்களுக்கு மேல் பென்சிலால் கோடிட்டேன். என் அம்மா பால்மரம் சீவியவர். அதனால் 'கை என்பது உழைக்கும் வர்க்கத்தின் குறியீடு' என்று உடனே கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. எடுத்துக்காட்டுகள் கூடக்கூடச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. எங்கே தவறுகிறேன்?

— ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் முதல் வாக்கியம் எட்டாம் அத்தியாயத்துக்கு அப்படியே பொருந்தும். சீட்டாடும்போது, செல்வந்த வீட்டில் வளரும் எஸ்டெல்லா, கதைநாயகனான சிறுவன் பிப்பின் முரட்டுக் கைகளை இகழ்கிறாள். அதுவரை தன் கைகளுக்காக வெட்கப்பட வேண்டும் என்று தனக்குத் தோன்றியதே இல்லை என்கிறான் அவன். முதல் வாசிப்பில் நானும் அங்கேயே நின்றுவிட்டேன். என் அம்மா வேலைக்காட்டிலிருந்து திரும்பியதும், ஒட்டுப்பால் வாடை போவதற்காக எலுமிச்சைத் தோலை விரலிடுக்குகளில் வைத்துத் தேய்ப்பார். வாடை குறையும், நகக்கண்ணின் கறுப்பு போகாது. அந்தக் கையையே நாவலிலும் தேடியதால் முரட்டுக் கைகள் மட்டுமே என் கண்ணில் பட்டன. வழக்கறிஞர் ஜேகர்ஸின் வாசனைச் சோப்பு மணக்கும் கை என் நோட்டில் ஏறவே இல்லை. நாவலிலேயே அதிகமாகக் கழுவப்படும் கை அதுதான்.

நம் வாழ்க்கை ஒரு படிமத்தை நமக்குக் காட்டித் தருகிறது. அதற்கு என்ன பொருள் என்பதையும் அதுவே சொல்லிவிட இடம்கொடுத்தால், மீதி ஐம்பது இடங்களும் வெறும் எடுத்துக்காட்டுகளாகிவிடும். 'கை என்றால் வர்க்கம்' என்று முதல் பக்கத்திலேயே தீர்த்துவிட்டால், ஐம்பத்தொன்பதாம் அத்தியாயம் வரை அந்தக் கைக்கு எதுவும் நேர முடியாது. உங்கள் கட்டுரை அதனால்தான் நகரவில்லை.

கோடிட்ட இடங்களை ஒரு நோட்டில் எடுத்தெழுதுங்கள். கை யாருடையது என்பதோடு, அது என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது, அதற்குச் சற்று முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தெழுதுங்கள். வினைச்சொல்தான் முக்கியம். கையெழுத்து, 'மறுபுறம்' போன்ற பொருளில் ஆங்கிலத்தில் சும்மா வந்துபோகும் கைகளை அடித்துவிடலாம். ஆனால் மரபுத்தொடர் என்பதற்காகவே எதையும் அடிக்காதீர்கள். பிப்பை அவன் அக்காள் 'கையால் வளர்த்தாள்' என்று இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அன்றைய ஆங்கிலத்தில் அதற்குத் தாய்ப்பால் இல்லாமல் புகட்டி வளர்த்தாள் என்று பொருள். சிறுவன் பிப்புக்கு அது தெரியாது. அக்காளின் கை கனமான கை. அது தன்மீதும் அவள் கணவர் ஜோவின்மீதும் அடிக்கடி விழுவதால், தங்கள் இருவரையுமே அவள் கையால் வளர்த்ததாக அவன் நினைத்துக்கொள்கிறான். செத்துப்போன ஒரு தொடரை டிக்கன்ஸ் அங்கே உயிர்ப்பிக்கிறார். தமிழில் 'புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்' என்று பெயர்த்தால் பொருள் சரியாக இருக்கும், கை காணாமல் போய்விடும். இந்த வேலைக்கு மூலத்தின் முழுப்பதிப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்படி எழுதிவந்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. யாராவது கை நீட்டும் இடங்களில் பக்கத்திலேயே பணம் இருந்தது. பதினெட்டாம் அத்தியாயத்தில், பிப்பை இழப்பதற்கு ஈடாகப் பணம் வேண்டுமா என்று ஜேகர்ஸ் கேட்கிறார். கொல்லர் ஜோ பிப்பின் தோளில் கை வைக்கிறார், ஒரு பெண்ணின் தொடுகையைப் போல மென்மையாக. ஆளையே நசுக்கவும் முட்டையோட்டைத் தட்டிக்கொடுக்கவும் வல்ல நீராவிச் சம்மட்டி என்று பிப் பின்னாளில் அவரை நினைத்துக்கொள்கிறான். பணத்தை ஜோ மறுத்துவிடுகிறார். ஜேகர்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்கிறார், கட்சிக்காரர்களைக் கையோடு கழுவிவிடுகிறார்.

தானிய வியாபாரி பம்பிள்சூக்கிடம் வரும்போது இது என் கற்பனையோ என்ற சந்தேகமும் தீர்ந்தது. பிப்புக்குச் செல்வம் வரப்போவதைக் கேள்விப்பட்டதும், 'கை கொடுக்கலாமா, கொடுக்கலாமா' என்று அவர் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார். இது பத்தொன்பதாம் அத்தியாயம். பிப் எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பும் ஐம்பத்தெட்டில் அதே மனிதர் மன்னிப்பு வழங்குகிற பாவனையில் கையை நீட்டுகிறார். அன்று பணிந்து நீட்டியதும் இன்று பெருந்தன்மை காட்டி நீட்டியதும் அதே கொழுத்த ஐந்து விரல்கள்தாம் என்று பிப்பே குறிப்பிடுகிறான். நாற்பது அத்தியாய இடைவெளியை நாவல் தானே இணைத்துக் காட்டுகிறது. உங்கள் கட்டுரைக்கு இதைவிட உறுதியான சான்று கிடைக்காது.

இனி நடுவில் இருக்கும் கீலுக்கு வாருங்கள். முப்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மழை இரவில், பிப் சிறுவயதில் உதவிய கைதி மேக்விச் வருகிறார். இரண்டு கைகளையும் நீட்டுகிறார். தன்னைக் கனவானாக்கிய பணம் இந்தக் கைதியுடையது என்று அறிந்த பிப்பின் கைகளைப் பற்றி அவர் முத்தமிடும்போது, அவனுக்கு இரத்தம் உறைந்துபோகிறது. ஐம்பத்தாறில் அதே செயல் மறுபடி வருகிறது. மேக்விச்சுக்குத் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது, பிப்புக்கு அந்தப் பணத்தில் ஒரு காசுகூடக் கிடைக்காது. சாகும் தறுவாயில் அவர் பிப்பின் கையைத் தன் உதட்டுக்கு உயர்த்த முயல்கிறார். பிப் இணங்கி உதவியிராவிட்டால் அந்தக் கை உயர்ந்திருக்கவே முடியாது. 'உதவினேன்' என்ற அந்த ஒரு வினைச்சொல்லுக்காக நான் இந்த நாவலை மறுபடியும் முழுக்கப் படித்தேன். செயல் அதேதான், முன்பு பணம் இருந்தபோது கையை இழுத்துக்கொள்ளத் துடித்தவன், பணம் போன பிறகு அந்தக் கையைத் தானே தாங்குகிறான்.

ஆக, உங்கள் வாதம் இப்படி இருக்கலாம்: இந்த நாவல் நீட்டப்படும் கையைப் பணத்தோடு சேர்த்து எடைபோடுகிறது, முரட்டுக் கையைக் கண்டு வெட்கப்படக் கற்றவன், பணம் இல்லாத இடத்தில் கையைப் பற்றிக்கொள்ளக் கற்கிறான். இதை ஒருவர் மறுக்க முடியும், நீங்கள் பக்கங்களைக் காட்டிப் பதில் சொல்லவும் முடியும். 'கை என்பது வர்க்கம்' என்பதை மறுக்க யாருக்கும் தோன்றாது. அதனாலேயே அதை நிரூபிக்கவும் வழியில்லை.

உங்கள் வாதத்துக்கு அடங்காத கையையும் தேடுங்கள். எனக்கு அது மோலியின் கை. ஜேகர்ஸின் வீட்டுவேலைக்காரி. இருபத்தாறாம் அத்தியாயத்தில் அவளது தழும்பேறிய மணிக்கட்டை விருந்தாளிகளுக்குக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார் அவர். அவள் எஸ்டெல்லாவின் தாய் என்று பிப் கண்டுபிடிப்பதும் விரல்களின் அசைவை வைத்துத்தான். எஸ்டெல்லா பின்னல் பின்னியபோது பார்த்த அதே அசைவு. இங்கே பணம் இல்லை, நீட்டலும் இல்லை. வாய் மறைப்பதைக் கை சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். இதைப் பணத்துக்குள் திணிக்க நான் பலமுறை முயன்று கைவிட்டேன். 'நாவலின் கைகள்' என்ற தலைப்பை 'நீட்டப்படும் கை' என்று சுருக்கியதும் கட்டுரை நிமிர்ந்து நின்றது. மோலிக்கு ஒரு பத்தி கொடுத்து, வாதம் எங்கே முடிகிறது என்பதை வாசகரிடம் நேராகச் சொல்லிவிட்டேன்.

கடைசி அத்தியாயத்தை நான் தொடவில்லை. பாழடைந்த தோட்டத்தில் எஸ்டெல்லாவின் கையைப் பிப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறான். அந்த நிலம் ஒன்றைத் தவிர அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை. மாற்றி எழுதுவதற்கு முன் டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் இருவரும் சேர்வதில்லை; ஆனால் அங்கும் அவளுடைய தொடுகை ஒரு வரியில் வருகிறது. இந்த இரண்டு முடிவுகளையும் உங்கள் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன்; நோட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்.